புதிய காற்றும் திரும்பு காற்றும் கலந்தால் காயில் லோடு எவ்வளவு? தேர்வுக் கணக்கு, முழு விடையோடு

கேள்வி (15 மதிப்பெண்)

ஒரு கருத்தரங்கக் கூடத்தை 25 °C, 50% ஒப்பு ஈரப்பதத்தில் வைத்திருக்க வேண்டும். வெளியே 35 °C, 60%. ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டுக்குள் நிமிடத்துக்கு 50 கன மீட்டர் புதிய காற்றும், கூடத்திலிருந்து 150 கன மீட்டர் திரும்பு காற்றும் வந்து கலந்து கூலிங் காயில் வழியாகப் போகின்றன. இரண்டு அளவுகளும் அந்தந்தக் காற்றின் சொந்த நிலையில் அளந்தவை. காயிலின் ஏடிபி 11 °C, பைபாஸ் ஃபேக்டர் 0.12, காற்றழுத்தம் 101.325 kPa. ஃபேன் சூட்டையும் டக்டில் ஏறும் வெப்பத்தையும் விட்டுவிடலாம். நீராவியின் தெவிட்டிய அழுத்தம்: 11 °C-இல் 1.313 kPa, 25 °C-இல் 3.169 kPa, 35 °C-இல் 5.628 kPa.

கண்டுபிடிக்க வேண்டியவை: (அ) கலவையின் வெப்பநிலை, ஈரப்பத விகிதம், என்தால்பி, (ஆ) காயிலை விட்டு வெளிவரும் காற்றின் நிலை, (இ) காயில் லோடு, கிலோவாட்டிலும் டன்னிலும், (ஈ) மணிக்கு எத்தனை கிலோ நீர் வடியும், (உ) லோடில் புதிய காற்றின் பங்கு.

விடை

பேனாவை எடுத்ததும் 50-ஐ 200-ஆல் வகுத்து 25% என்று எழுதிவிடாதீர்கள். இந்தக் கணக்கில் மதிப்பெண் பெரும்பாலும் அந்த ஒரே இடத்தில்தான் போகிறது. கலப்பது உலர் காற்றின் நிறை, கன அளவு இல்லை. வெளிக்காற்று சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால் ஒரு கன மீட்டருக்குள் அதன் உலர் காற்று குறைவாகத்தான் இருக்கும், ஆகவே முதலில் இரண்டு காற்றுக்கும் ஈரப்பத விகிதம், என்தால்பி, தன்கன அளவு மூன்றையும் எடுத்துவிடுவோம்.

பயன்படுத்தும் சூத்திரங்கள் இவ்வளவுதான், மூன்றும் ஒரு கிலோ உலர் காற்றுக்கானவை:

```
W = 0.622 pv / (P - pv)
h = 1.005 t + W (2500 + 1.88 t)
v = 0.287 T / (P - pv)
```

வெளிக்காற்று: நீராவி அழுத்தம் 0.60 × 5.628 = 3.377 kPa. கூடத்துக் காற்று: 0.50 × 3.169 = 1.5845 kPa. இவற்றைப் போட்டால்:

```
Wo = 0.622 x 3.377 / 97.948  = 0.02144 kg/kg
ho = 35.175 + 0.02144 x 2565.8 = 90.20 kJ/kg
vo = 0.287 x 308 / 97.948    = 0.9025 m3/kg

Wr = 0.622 x 1.5845 / 99.74  = 0.00988 kg/kg
hr = 25.125 + 0.00988 x 2547 = 50.29 kJ/kg
vr = 0.287 x 298 / 99.74     = 0.8575 m3/kg
```

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வெப்பநிலையில் வித்தியாசம் வெறும் 10 டிகிரி, ஆனால் என்தால்பியில் ஏறத்தாழ 40 kJ/kg வித்தியாசம். அந்த 40-இல் உலர் காற்றின் சூட்டால் வருவது 10 மட்டும், மீதி 30 வெளிக்காற்றோடு வரும் நீராவியால் வருகிறது. வெறும் வெப்பநிலையை வைத்து புதிய காற்றின் லோடைக் கணக்கிட்டால் விடை ஏன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இனி நிறை:

```
mo = (50/60)  / 0.9025 = 0.923 kg/s
mr = (150/60) / 0.8575 = 2.916 kg/s
m  = 3.839 kg/s
x  = 0.923 / 3.839     = 0.2405
```

கன அளவில் 25%, நிறையில் 24.05%. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் பலர் இரண்டு காற்றுக்கும் அடர்த்தி 1.2 என்று போட்டுவிடுவார்கள், அப்படிச் செய்தால் விகிதத்தோடு மொத்த நிறையும் 4.0 kg/s ஆகிவிடும், முடிவில் லோடு 95.4-க்குப் பதில் 100.8 kW என்று வரும். ஐந்து சதவீதத்துக்கும் மேல் பிழை. கேள்வியில் "சொந்த நிலையில் அளந்தவை" என்று இருந்தால் தன்கன அளவைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். "ஸ்டாண்டர்ட் காற்று" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டுமே 1.2 சரி.

(அ) கலவை. சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் வெளிப் புள்ளியையும் அறைப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் கலவைப் புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும், அறைப் புள்ளியிலிருந்து கோட்டின் நீளத்தில் 0.2405 பங்கு தள்ளி. திரும்பு காற்று அதிகம் என்பதால் புள்ளி அறைப் பக்கம் ஒட்டி விழும். மறுபக்கம் விழுந்தால் x-ஐத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

```
tm = 25      + 0.2405 x 10      = 27.4 C
Wm = 0.00988 + 0.2405 x 0.01156 = 0.01266 kg/kg
hm = 50.29   + 0.2405 x 39.91   = 59.89 kJ/kg
```

சூத்திரப்படி பார்த்தால் துல்லியமான நேர்கோடு என்தால்பிக்கும் ஈரப்பத விகிதத்துக்கும்தான். வெப்பநிலைக்கு அது ஒரு நல்ல தோராயம். இங்கே hm, Wm இரண்டிலிருந்தும் திரும்பிக் கணக்கிட்டால் 27.44 °C வருகிறது, நேர்கோட்டு முறையில் 27.41. தேர்வில் யாரும் இதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.

(ஆ) காயிலுக்குப் பின். முதலில் காயில் ஈரத்தை எடுக்குமா என்று பார்த்துவிட வேண்டும். கலவையின் நீராவி அழுத்தம் 2.02 kPa, அதன் பனிநிலை ஏறத்தாழ 17.7 °C. ஏடிபி 11 °C என்றால் காயிலின் மேற்பரப்பு 11 °C, அதாவது பனிநிலைக்கும் வெகு கீழே, எனவே நீர் வடியும். மேற்பரப்பு 18 °C-க்கு மேல் இருந்திருந்தால் காயில் வறண்டே இருக்கும், ஈரப்பத விகிதம் மாறாது, கீழே வரும் பாதிக் கணக்கே தேவைப்படாது. இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதிவிடுங்கள். ஈரம் எடுக்கும் கணக்கு ஏன் செய்கிறீர்கள் என்பது தெரியும்.

11 °C-இல் தெவிட்டிய காற்றுக்கு:

```
Ws = 0.622 x 1.313 / 100.012    = 0.008165 kg/kg
hs = 11.055 + 0.008165 x 2520.7 = 31.64 kJ/kg
```

பைபாஸ் ஃபேக்டர் 0.12 என்றால் காற்றில் 12% காயிலைத் தொடாமலேயே தாண்டிப் போகிறது, மீதி 88% முழுசாக 11 °C தெவிட்டிய நிலைக்கு வந்துவிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்படி இரண்டாகப் பிரிந்து போவதில்லை, ஆனால் கணக்குக்கு இந்தப் படம் அருமையாக வேலை செய்கிறது. பார்த்தால் இதுவும் ஒரு கலவைதான், மேலே செய்த அதே வேலை:

```
t2 = 11       + 0.12 x 16.41    = 12.97 C
W2 = 0.008165 + 0.12 x 0.004497 = 0.008705 kg/kg
h2 = 31.64    + 0.12 x 28.25    = 35.03 kJ/kg
```

இந்தக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 93% சுற்றி வரும். 100-ஐத் தாண்டினால் எங்கோ தப்பு.

(இ) காயில் லோடு.

```
Q = m (hm - h2) = 3.839 x (59.89 - 35.03)
  = 95.4 kW
  = 95.4 / 3.517 = 27.1 TR
```

இதில் உலர் வெப்பம்: 3.839 × 1.021 × (27.41 − 12.97) = 56.6 kW. மீதி 38.8 kW மறை வெப்பம். காயிலின் உலர் வெப்ப விகிதம் 56.6 / 95.4 = 0.59. மறை வெப்பத்தைத் தனியாக வேறு சூத்திரத்தில் கண்டுபிடித்துக் கூட்டினால் தசம இடங்களில் இடிக்கும், மொத்தத்திலிருந்து உலர் வெப்பத்தைக் கழிப்பதே சுத்தமான வழி.

(ஈ) வடியும் நீர்.

```
mw = 3.839 x (0.012662 - 0.008705)
   = 0.01519 kg/s = 54.7 kg/h
```

சில கேள்விகளில் "வடிநீரின் என்தால்பியையும் கணக்கில் கொள்க" என்று இருக்கும். நீர் 11 °C-இல் வெளியேறுகிறது என்றால் கிலோவுக்கு 46.2 kJ, ஆக 0.01519 × 46.2 = 0.70 kW. அதை மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது, ஏனென்றால் அந்த ஆற்றல் நீரோடு வெளியே போய்விடுகிறது, காயில் அதை எடுக்கவில்லை. அப்போது லோடு 94.7 kW. நம் கேள்வியில் கேட்கவில்லை, 95.4-ஐயே இறுதி விடையாக எழுதலாம்.

(உ) புதிய காற்றின் பங்கு. வெளிக்காற்றை வெளி நிலையிலிருந்து அறை நிலைக்குக் கொண்டுவர மட்டும் எவ்வளவு ஆகிறது என்பதே இது.

```
Qo = 0.9234 x (90.20 - 50.29) = 36.85 kW
36.85 / 95.43 = 0.386
```

நிறையில் 24% தான் புதிய காற்று, ஆனால் லோடில் கிட்டத்தட்ட 39%. வெப்பமும் ஈரமும் சேர்ந்த வெளிக்காற்று எவ்வளவு கனமான சுமை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் இந்தக் கணக்கில் இல்லை.

சரி, இப்போது சரிபார்ப்பு. தேர்வில் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். கூடத்துக்குள் போகும் காற்று 35.03-இல் நுழைந்து 50.29-இல் வெளியேறுகிறது, அதாவது கூடத்தின் சொந்த லோடு 3.839 × 15.26 = 58.6 kW. அதோடு புதிய காற்றின் 36.85-ஐக் கூட்டினால் 95.4. காயில் லோடும் அதேதான். இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் கலவை, நிறை, கழித்தல் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறது. ஆனால் முதலில் எடுத்த W, h, v-யிலேயே பிழை இருந்தால் இந்தச் சரிபார்ப்பு அதைக் காட்டிக்கொடுக்காது, ஆகவே அந்த மதிப்புகளை மட்டும் சார்ட்டில் ஒருமுறை கண்ணால் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க: ஏடிபியும் பைபாஸ் ஃபேக்டரும் மாறவில்லை, ஆனால் புதிய காற்று நிமிடத்துக்கு 25 கன மீட்டர், திரும்பு காற்று 175. இப்போது x = 0.1195, கலவையின் என்தால்பி 55.06 kJ/kg, காயில் லோடு 79.6 kW, அதாவது 22.6 டன் வர வேண்டும்.