சான்றிதழ் தேர்வுச் செலவும் திருப்பிச் செலுத்துதலும்

நண்பர்களுக்கு,

சான்றிதழ் தேர்வுகளுக்கு நிறுவனம் பணம் கட்டுவது பற்றி இதுவரை வாய்மொழியாகவே பேசி வந்தோம். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று ஆகிவிட்டது. தவறு என்னுடையதுதான். இனி எல்லோருக்கும் ஒரே விதி.

உங்கள் வேலைக்குப் பயன்படும் சான்றிதழ் என்றால் பயிற்சிக் கட்டணம், முதல் தேர்வுக் கட்டணம் இரண்டையும் நிறுவனமே கட்டும். பதிவு செய்வதற்கு முன்பே என்னிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கட்டிய பிறகு ரசீதோடு வந்தால் சங்கடம். தேர்வில் தவறினால் பணம் திருப்பிக் கேட்க மாட்டேன். இரண்டாம் முறைக்குப் பாதிக் கட்டணம் தருவோம், அதற்கு மேல் உங்கள் பொறுப்பு.

அப்புறம், எல்லோரும் கேட்கும் விஷயம். நாங்கள் பணம் கட்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நீங்களாக வேலையை விட்டால், மீதமுள்ள மாதங்களுக்கான பங்கைத் திருப்பித் தர வேண்டும். மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கழியும். 8 மாதம் முடித்துப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் பாக்கி. ஆட்குறைப்பில் நாங்களே அனுப்பினாலோ, உடல்நலக் காரணமாக விலகினாலோ ஒன்றும் தர வேண்டாம். வேலைக்குக் கட்டாயம் என்று நாங்களே எடுக்கச் சொன்ன சான்றிதழுக்கும் இந்த நிபந்தனை கிடையாது.

தொகையும் கடைசித் தேதியும் எழுதிய ஒரு பக்க ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கையெழுத்திடுவோம். உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கடைசிச் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம், தவணையாகவும் தரலாம்.

ஏற்கெனவே முடித்தவர்களுக்கு இது பொருந்தாது. சந்தேகம் இருந்தால் நேரில் வந்து கேளுங்கள்.

உரிமையாளர்