கணக்காளர்: தொழில் விபரச் சுருக்கம்

இறக்குமதி வியாபாரக் கணக்கில் 11 வருட அனுபவம் உள்ள கணக்காளர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வணிகமாணிப் பட்டமும் ஏஏடி தகுதியும் உண்டு. வெள்ளவத்தையில் வசிக்கிறேன்.

2007 முதல் 2018 வரை, புறக்கோட்டையில் பருப்பும் கடலையும் இறக்குமதி செய்யும் மொத்த வியாபார நிறுவனமொன்றில் வேலை செய்தேன். கணக்கு உதவியாளராகச் சேர்ந்து, கடைசி நான்கு வருடங்கள் கணக்குப் பிரிவை நடத்தினேன். சுங்க வரி, துறைமுகக் கட்டணம், வங்கிச் செலவு, லொறிக் கூலி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கிலோவின் உண்மையான அடக்கவிலையைக் கணிப்பதுதான் அங்கே என் முக்கியப் பொறுப்பு. விலை சொல்லும் முன் முதலாளி கேட்பது அந்தத் தொகையைத்தான். அது பிழைத்தால் நல்ல விற்பனையும் நட்டத்தில் முடியும். வங்கிக் கணக்கிணக்கம், கடன் வசூல், வருடாந்தக் கணக்காய்வுக்கான ஆயத்தம் ஆகியவற்றையும் பார்த்தேன்.

2018இல் என் மாமனாருக்குப் பாரிசவாதம் வந்தது. வீட்டில் சிறு பிள்ளையும் இருந்ததால், முழுநேரப் பராமரிப்பை ஏற்று நானே விலகினேன். மாமா 2025இல் காலமானார். பிள்ளை இப்போது தானாகப் பாடசாலைக்குப் போய்வருகிறாள். ஆகவே முழுநேர வேலைக்கு எந்தத் தடையும் இல்லை.

இந்த இடைவெளியில் வரிகள் நிறையவே மாறிவிட்டன. நான் விலகியபோது வற் வரி 15 சதவீதம், அதோடு தேச நிர்மாண வரியும் இருந்தது. 2019 டிசம்பரில் தேச நிர்மாண வரி நீங்கி வற் 8 ஆகக் குறைந்தது. 2022இல் 12, பிறகு மீண்டும் 15. 2024 ஜனவரியில் இருந்து 18. 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்தது. 2023 ஜனவரியில் இருந்து சம்பளத்தில் ஏபிஐடி கழிப்பது கட்டாயம். இவற்றை நான் வாசித்து மட்டும் வைத்திருக்கவில்லை. 2021இல் இருந்து வீட்டில் இருந்தபடியே, காலி வீதியில் உள்ள ஒரு புடவைக் கடைக்கு மாதக் கணக்கும் சம்பளப் பட்டியலும் செய்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8, முதலாளியின் 12, நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் என எல்லாம் உரிய திகதிக்குள் கட்டப்படுகின்றன. குயிக்புக்ஸ், எக்செல் இரண்டும் அன்றாடப் பழக்கத்தில் உள்ளன. நிறுவனத்தில் வேறு மென்பொருள் இருந்தால் அதற்கான பயிற்சியை விருப்பத்தோடு எடுப்பேன்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பேசவும் எழுதவும் முடியும். சுங்கத்திலும் வங்கியிலும் பெரும்பாலும் சிங்களத்தில்தான் வேலை நடத்தினேன்.

இறக்குமதி அல்லது மொத்த விற்பனை நிறுவனமொன்றில் கணக்காளர் பதவியை எதிர்பார்க்கிறேன். என் அனுபவம் நேரடியாகப் பயன்படும் இடம் அது. முன்னைய நிறுவனத்தின் நிதி முகாமையாளரும் புடவைக் கடை உரிமையாளரும் என்னைப் பற்றிச் சொல்லச் சம்மதித்துள்ளார்கள். கடைக் கணக்கை ஒப்படைக்க இரண்டு வாரம் வேண்டும். அப்புறம் எந்த நாளிலும் வேலையில் சேரலாம்.