நொறுங்கத் தின்றால் நூறு!

கறுக்மொறுக் வழங்கும் மேட்ச் டப்பா
டாஸ் போடறதுக்கு முன்னாடி உங்க வீட்டு டீப்பாய் மேல

மேட்ச் அவங்க ஆடட்டும். மிக்சர் நாம சாப்பிடுவோம்.

ஊர்ல எந்தப் பிரச்சினைன்னாலும் சும்மா நிக்கிற ஆளைப் பார்த்து "மிக்சர் சாப்பிடறான்"னு சொல்றாங்க. மிக்சர் வித்துப் பொழைக்கிற எங்களுக்கு அதுல ரொம்ப நாளா வருத்தம். ஆனா இந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் அந்தக் கிண்டல் செல்லாது. பந்து போடறது ஒருத்தர், அடிக்கிறது ஒருத்தர், கை தூக்கறது ஒருத்தர். சோபால உக்காந்திருக்கிற நாம வேற என்னங்க பண்ண முடியும்? பண்ற ஒரே வேலையை நல்ல மிக்சரா வெச்சுப் பண்ணுவோம்.

முதல்ல ஒரு விளக்கம். இந்த நோட்டீஸ்ல எந்த அணி பேரும் வராது, எந்த வீரர் பேரும் வராது. போட்டி பேரைக்கூடச் சொல்ல மாட்டோம். எங்க வக்கீல் அப்படித்தான் சொல்லியிருக்கார், அவருக்கும் ஒரு டப்பா குடுத்தாச்சு. எங்க மிக்சர் மஞ்சளா இருக்கறது கடலைமாவால. காராசேவு செவப்பா இருக்கறது மிளகாய்த்தூளால. கலரை வெச்சு யாரும் கட்சி கட்ட வேண்டாம். கல்லாவுல இருக்கற அண்ணன் ஒரு பக்கம், அடுப்புல நிக்கிற மாஸ்டர் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் மோதற அன்னைக்கு நாங்க பார்சல் மட்டும்தான் கட்டுவோம், பஞ்சாயத்துக்குப் போக மாட்டோம்.

இப்ப டப்பாவைத் திறங்க.

மேல இருக்கறது தட்டை. ஏழு மணிக்கு டாஸ், அதுக்குத்தான் இது. காசு சுண்டினா பூவோ தலையோ விழும், பாதிப்பேர் மூஞ்சி தொங்கும். தட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எப்படி விழுந்தாலும் நீங்கதான் ஜெயிச்சீங்க. "பனி விழும், பௌலிங் எடுத்திருக்கணும்"னு மாமா ஆரம்பிக்கிறதுக்குள்ள அவர் வாய்ல ஒண்ணு குடுத்துடுங்க.

ஏழரைக்கு முதல் பந்து. முதல் ஆறு ஓவர் பவர்பிளே, வட்டத்துக்கு வெளில ரெண்டே பேர்தான் நிக்கலாம். எங்க காராசேவும் அதே ரகம், தடுக்க ஆள் இல்லாம நேரா தொண்டைக்குப் போயிடும். இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். சேவுன்னா சாத்தூர்னு ஊருக்கே தெரியும். எங்க மாஸ்டர் தொழில் கத்துக்கிட்டதும் அந்தப் பக்கம்தான். மெஷின்ல பிழியற வேலை இங்க இல்ல. ஓட்டைக் கரண்டியை வாணலிக்கு மேல பிடிச்சு, பிசைஞ்ச மாவை அதுல வெச்சு, உள்ளங்கையால அழுத்தித் தேய்ப்பார். மாவு சின்னதும் பெருசுமா எண்ணெய்ல விழும், விழுந்ததும் நுரைச்சுக்கிட்டு மேல வரும். பூண்டு நசுக்கிப் போட்டது, மிளகு ஒண்ணுரெண்டா பொடிச்சது. நுரை அடங்கினாத்தான் அரிகரண்டியால அள்ளுவார். அதுக்கு முன்னாடி யார் அவசரப்படுத்தினாலும் "நாட் அவுட்"னுதான் பதில். அதனால ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு இருக்காது. மெஷின் சேவு மாதிரி வரிசையா நிக்கிறது வேணும்னா, மன்னிக்கணும், அது எங்ககிட்ட இல்ல.

ஆறு ஓவர் முடிஞ்சா ஃபீல்டர் எல்லாம் பரவிடுவாங்க, சுழல் வந்துடும். ஒண்ணு ஒண்ணா ஓடுவாங்க. அந்த நேரத்துக்கு முறுக்கு. பந்து திரும்புதோ இல்லையோ, இது திரும்பியிருக்கு. நம்ம ஜில்லாவுல இருக்கற மணப்பாறையிலேர்ந்து வாராவாரம் வண்டியில வருது. 2023ல புவிசார் குறியீடு வாங்கின முறுக்கு. அந்த ஊர் தண்ணியில இருக்கற லேசான உப்பும், ரெண்டு தடவை எண்ணெய்ல போட்டு எடுக்கறதும்தான் அந்த ருசிக்குக் காரணம்னு செய்யறவங்க சொல்வாங்க. ரெண்டாவது தடவை எண்ணெய்க்குப் போறதை ரிவ்யூன்னு வெச்சுக்கலாம். முதல் தீர்ப்புல சரியா வேகலைன்னா மூணாவது அம்பயர் பார்த்துப்பார்.

ஸ்ட்ராட்டஜிக் டைம்அவுட் ரெண்டரை நிமிஷம். அதுக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய், டப்பாவுக்கு 4. இதுவும் 2020ல புவிசார் குறியீடு வாங்கினதுதான். வெல்லப்பாகு பல்லுல ஒட்டறதால, வாயைத் திறந்து விமர்சனம் சொல்ல நினைக்கிற பெரியப்பாக்களுக்கும் அது டைம்அவுட்.

கடைசி நாலு ஓவருக்கு ரிப்பன் பக்கோடா. நகம் கடிக்கிற பழக்கம் உள்ளவங்க தயவுசெஞ்சு இதைக் கடிங்க. நகத்துல உப்பு, காரம் ரெண்டும் கிடையாது.

இதுக்கெல்லாம் அடியில பெரிய பையா மிக்சர் இருக்கும். இன்னிங்ஸ் பிரேக்ல டீயோட பிரிக்கலாம். ஓமப்பொடி, காராபூந்தி, பொட்டுக்கடலை, நிலக்கடலை, கறிவேப்பிலை, முந்திரி. முந்திரி எல்லாரும் கேக்கற அளவுக்குத்தான் இருக்கு, எல்லாருக்கும் கிடைக்கிற அளவுக்கு இல்ல. வீட்டுல யாராவது ஒருத்தர் முந்திரியை மட்டும் பொறுக்கிட்டு பொட்டுக்கடலையை நமக்கு விடுவார். அந்த வீட்டு ஸ்டம்பிங்குக்கு நாங்க பொறுப்பில்ல.

மேட்ச் டப்பா: மொத்தம் 700 கிராம், அது போக 4 கடலை மிட்டாய். விலை 340 ரூபாய்.
சிங்கிள்: ஹாஸ்டல்லயும் ரூம்லயும் தனியா பார்க்கறவங்களுக்கு. காராசேவும் மிக்சரும் சேர்த்து 200 கிராம், 90 ரூபாய். சிங்கிளா எடுக்கறது ரன் மட்டும் இல்லையே.

இனிமேதான் முக்கியமான சமாச்சாரம்.

நொறுங்கத் தின்றால் நூறு வயசுன்னு பெரியவங்க சொன்னதை நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம். யார் நூறு அடிச்சாலும், எந்தப் பக்கத்துக்காரர் அடிச்சாலும், மறுநாள் காலி டப்பாவோட கடைக்கு வாங்க. 100 கிராம் மிக்சர் சும்மா. ஒரே மேட்ச்ல ரெண்டு பேர் நூறு அடிச்சா 200 கிராம். அடிச்சவர் உங்களுக்குப் பிடிக்காத அணியா இருந்தாலும் வாங்கிக்கலாம், மனசாட்சி பத்தி கல்லாவுல யாரும் கேக்க மாட்டாங்க.

99ல அவுட்டானா? அவரும் பாவம், நீங்களும் பாவம். ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் ஆறுதல் பரிசு.

சூப்பர் ஓவர் வந்தா அடுத்த டப்பாவுல 40 ரூபாய் தள்ளுபடி. மேட்சே நீளுது, டப்பா தீர்ந்திருக்கும், எங்களுக்குப் புரியும்.

மழை வந்து ஒரு பந்துகூடப் போடாம மேட்ச் ரத்தானா, டக்வொர்த் லூயிஸ் கணக்கு எல்லாம் போட்டு உங்களைக் குழப்ப மாட்டோம். மழைன்னா பஜ்ஜி. மறுநாள் டப்பாவைக் காட்டினா பஜ்ஜி மாவு கால் கிலோ இலவசம், வாழைக்காய் உங்க பொறுப்பு. ரெண்டு ஓவர் ஆடிட்டு மழை வந்தா? அதுக்குள்ள தட்டையைச் சாப்பிட்டிருப்பீங்க, ஆட்டம் நடந்ததாத்தான் கணக்கு.

வீட்டு நிலவரம் தெரியாம நாங்க இந்தச் சலுகை போடலை. அதே ஏழரைக்குத்தான் சீரியலும் ஓடுது. ரிமோட் அத்தை கையில இருந்தா, டப்பாவை அத்தைகிட்ட முதல்ல நீட்டுங்க, அப்புறம் ஸ்கோர் கேளுங்க. வரிசை மாறினா அம்பயர்ஸ் கால்தான். அத்தை தீர்ப்புக்கு எந்த வீட்டுலயும் ரிவ்யூ கிடையாது.

போன்ல பார்க்கறவங்களுக்கு இன்னொரு கஷ்டம். உங்க திரையில பௌலர் ஓடி வந்துட்டு இருக்கும்போதே, கேபிள் டிவி வெச்சிருக்கற பக்கத்து வீட்டுல "ஆறு"ன்னு கத்திடுவாங்க. நெட்டை எங்களால வேகமாக்க முடியாது. ஆனா காராசேவைக் காதுக்குள்ள கேக்கற மாதிரி மெல்லுங்க, பக்கத்து வீட்டுச் சத்தம் உங்களுக்கு எட்டாது. எங்க சரக்கோட சத்தத்துக்கு அந்த அளவு உத்தரவாதம் உண்டு.

ஆடத் தெரியாதவங்க பிட்ச் கோணல்னு சொல்லட்டும். மொறுமொறுப்பு இல்லைன்னா நாங்க சாக்கு சொல்ல மாட்டோம். டப்பாவைத் திறந்ததும் நமுத்துப் போயிருந்தா அன்னைக்கே திருப்பிக் குடுங்க, புதுசு தர்றோம். பாதிக்கு மேல சாப்பிட்டுட்டு "நமுத்துப் போச்சு"ன்னு வர்றவங்களை எங்க கல்லா அண்ணன் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவார்.

எப்படி வாங்கறது: திருச்சி தில்லை நகர் கடையில நேரா வாங்கிக்கலாம். வீட்டுக்கு வரணும்னா டப்பா மூடியிலயும் இந்த நோட்டீஸ் பின்னாடியும் இருக்கற க்யூஆரை ஸ்கேன் பண்ணி, சாயங்காலம் 5 மணிக்குள்ள சொல்லிடுங்க. ஏழு மணிக்குள்ள கதவைத் தட்டுவோம். மூணரை மணி ஆட்டம் இருக்கற நாள்ல மத்தியானம் 1 மணிக்குள்ள சொல்லணும். 5 மணிக்கு மேல வர்ற ஆர்டர் மறுநாள் கணக்கு. டெலிவரி பையன் பைக்ல வர்றார், அவரை நிறுத்தி ஸ்கோர் கேக்காதீங்க, அடுத்த வீடு காத்திருக்கும். மாநகராட்சி எல்லைக்குள்ள டெலிவரிக்குக் காசு இல்ல.

பொடி எழுத்து, ஆனா படிச்சே ஆகணும்: சலுகை முதல் மேட்ச்லேர்ந்து ஃபைனலுக்கு மறுநாள் கடை சாத்தற வரைக்கும். ஒரு டப்பாவுக்கு ஒரு தடவைதான் பரிசு, மூடியில அன்னைய தேதி முத்திரை இருக்கணும். மறுநாள் ராத்திரிக்குள்ள வாங்கலைன்னா போனது போனதுதான். சிங்கிள் பாக்கெட்டுக்கு நூறு பரிசு கிடையாது, 99 ஆறுதல் மட்டும் உண்டு. நிலக்கடலை, முந்திரி, கோதுமை சேர்ற இடத்துலதான் எல்லாம் தயாராகுது, அலர்ஜி இருக்கறவங்க தவிர்த்துடுங்க. பிரிச்சதும் காத்துப் புகாத டப்பாவுல வைங்க, பிரிக்காம 15 நாள் தாங்கும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடற தாத்தாக்களுக்கு ஒரு கைப்பிடி போதும். கடைசி ஓவர்ல அவங்களுக்கு ஏற்கெனவே வேணுங்கற அளவு கொதிச்சிருக்கும்.

மேட்ச் நாள்ல கடை ராத்திரி 11 மணி வரைக்கும் திறந்திருக்கும். உள்ள டிவியும் ஓடும். ஸ்கோர் பார்க்கறது இலவசம், மிக்சருக்கு மட்டும் காசு.