கொமந்தேர் அமைப்பு: ஹ்யூகோவின் ‘நாளை, விடியும்போதே’

சனிக்கிழமை நான்கு மணி நேரத் தேர்வுக்கு வருவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நீங்கள் எழுதப்போகும் கொமந்தேர், அதாவது ஒரு படைப்பை ஆராய்ந்து விளக்கும் கட்டுரை, பிரெஞ்சில். அமைப்பை மட்டும் தமிழில் சொல்லிவிடுகிறேன். கவிதை 12 வரிதானே என்று உடனே எழுத உட்கார்ந்துவிட வேண்டாம். முதல் ஒன்றரை மணி நேரம் வாசிப்புக்கும் வரைவுத்தாளுக்கும்தான்.

கவிதை உங்களுக்குத் தெரியும். ஒருவர் நாளை விடியும்போதே கிளம்பப் போகிறார். ‘நீ எனக்காகக் காத்திருப்பது தெரியும்’ என்கிறார். காடு, மலை தாண்டி, எதையும் பார்க்காமல் நடக்கிறார். அந்த ‘நீ’ இறந்துவிட்டவள் என்பது பதினோராவது வரியில்தான் தெரிகிறது. கட்டுரையின் அமைப்பு முழுக்க இந்தத் தாமதத்தைச் சுற்றித்தான் நிற்க வேண்டும்.

முன்னுரை

ஒரே பத்தி. அதற்குள் நான்கு வேலை: கவிதையின் பின்னணி, கவிதை என்ன சொல்கிறது, நீங்கள் எழுப்பும் கேள்வி, திட்டம். இப்படி இருக்கலாம்:

“1843 செப்டம்பர் 4 அன்று ஹ்யூகோவின் மகள் லியோபோல்தின் வில்கியே அருகே சென் நதியில் மூழ்கி இறந்தாள். 1856இல் வெளியான ‘லே கொந்தம்ப்லாசியோன்’ தொகுப்பில் உள்ள இந்தக் கவிதையின் கீழ் 1847 செப்டம்பர் 3 என்ற தேதி இருக்கிறது. அதாவது நான்காவது நினைவு நாளுக்கு முந்தைய நாள். மூன்று நாலடிகளில் ஒரு பயணம் முன்கூட்டியே சொல்லப்படுகிறது. சாதாரணப் பயண அறிவிப்பு எப்படி இறந்தவளோடு நடக்கும் உரையாடலாகிறது? முதலில் பயணத்தின் உறுதியையும், பிறகு நடப்பவர் தன்னுள் மூடிக்கொள்வதையும், கடைசியாகக் கல்லறைச் சந்திப்பையும் பார்ப்போம்.”

வாழ்க்கை வரலாறு இதோடு முடிந்தது. ஹ்யூகோ எத்தனை நாவல் எழுதினார் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் வேண்டாம்.

உடல் பகுதி

மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று பத்தி. இரண்டு இடங்களில் பலர் வழுக்கி விழுவார்கள். ஒன்று, ‘முதல் பகுதி பொருள், இரண்டாம் பகுதி வடிவம்’ என்று பிரிப்பது. அப்படிப் பிரித்தால் இரண்டாம் பகுதி உவமை, எதுகைகளின் பட்டியலாகிவிடும். இன்னொன்று, ஒரு நாலடிக்கு ஒரு பகுதி ஒதுக்குவது. அது வரிவரியாகச் செய்யும் விளக்கம், கொமந்தேர் அல்ல. ஒவ்வொரு பகுதியும் கவிதை முழுவதிலிருந்தும் சான்று எடுக்க வேண்டும். உதாரணமாக, முதல் பகுதிக்குத் தேவையான ‘நான்’ என்பதோடு வரும் எதிர்கால வினைகள் ஏழும் மூன்று நாலடிகளிலும் பரவிக் கிடக்கின்றன. காலமும் அப்படித்தான்: விடியலில் தொடங்கி மூன்றாம் நாலடியில் பொன்மாலைக்கு வந்துவிடுகிறது.

பத்தி ஒவ்வொன்றிலும் முதலில் உங்கள் கருத்து, அப்புறம் மேற்கோள், அதில் மொழி செய்யும் வேலை, அதிலிருந்து பிறக்கும் பொருள். இரண்டாம் பகுதிக்கு ஒரு மாதிரி:

“நடப்பவரின் துயரம் வரியின் தாளத்திலேயே தெரிகிறது. ‘காட்டு வழியே போவேன், மலை வழியே போவேன்’ என்னும் மூன்றாம் வரி ‘ஜிரே பார் லா ஃபொரே, ஜிரே பார் லா மோந்தாஞ்’ பன்னிரண்டு அசைகளும் ஆறு ஆறாகச் சரிபாதியாக நிற்க, காலடிபோலச் சீராக நகர்கிறது. ஏழாம் வரியில் அந்தச் சீர் இல்லை. ‘தனியாக, யாரும் அறியாமல், முதுகு கூனி, கைகளைக் கட்டிக்கொண்டு’ என்று காற்புள்ளிகள் வரியைத் துண்டாக்குகின்றன. நடுநிறுத்தம் விழ வேண்டிய இடம் ‘முதுகு’, ‘கூனி’ என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. சோகம் என்று பொருள்படும் ‘த்ரிஸ்த்’ என்ற சொல்லோ அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, தொடக்கத்திலேயே தனியாக நிற்கிறது. சொன்னபடி கிளம்பிவிட்டவரின் உடல் வழியிலேயே தளர்வதை வாசகர் காதாலும் உணர்கிறார்.”

இப்படி ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்படுவதுதான் ரெஜே. ‘இங்கே ஒரு ரெஜே இருக்கிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மதிப்பெண் இல்லை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண்.

பகுதிகளுக்கு இடையே இரண்டு வரிப் பாலம் போதும்: முடிந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லி, அதில் மிச்சமிருக்கும் கேள்வியை அடுத்த பகுதிக்குக் கொடுங்கள். மூன்றாம் பகுதியில் ‘தோம்ப்’ எதுகையை விட்டுவிடாதீர்கள்: ஒன்பதாம் வரியில் விழும் மாலை, பதினோராம் வரியில் கல்லறை, ஒலி ஒன்றே. கல்லறையில் அவர் வைக்கப்போகும், எப்போதும் பச்சையாக இருக்கும் ஹோலி இலைகளையும் பூத்த ஹெதரையும் பற்றி ஒரு பத்தி தாராளமாக எழுதலாம்.

முடிவுரை

சிறியதாக இருக்கட்டும். முன்னுரையின் கேள்விக்கு நேரடி விடை, பிறகு வேறொரு படைப்பை நோக்கி ஒரு திறப்பு. கைக்கெட்டும் தூரத்திலேயே ஒன்று இருக்கிறது: அதே தொகுப்பில் அடுத்து வரும் ‘ஆ வில்கியே’. இங்கே மகளோடு மட்டும் பேசியவர் அங்கே கடவுளோடு பேசுகிறார். முடிவுரையில் புதிய மேற்கோள் வேண்டாம்.

முன்னுரையையும் முடிவுரையையும் வரைவுத்தாளில் முழுதாக எழுதிப் பாருங்கள். உடல் பகுதியை நேராக விடைத்தாளில் எழுதலாம். ஒவ்வொரு மேற்கோளுக்கும் வரி எண் போடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் வினை முடிவுகளைச் சரிபார்க்க.