முதல் மூன்று வாரங்கள்: புதிதாகச் சேர்ந்த ஐந்து வயதுக் குழந்தைகள் ஏற்கெனவே அறிந்தவற்றைக் கண்டறியும் செயல்பாடுகள்

இந்தக் கையேடு, இவ்வாண்டு முதல் வகுப்பில் சேர்ந்துள்ள 24 குழந்தைகளுடன் பணியாற்றும் வகுப்பாசிரியர் இருவருக்கும் உதவியாளருக்கும் உரியது. பேச்சு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையும் எதைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்திருக்கிறது என்பதை அறிவதே நோக்கம். பாடத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதிலிருந்துதான் தெரியவரும். மதிப்பெண் எதுவும் இடப்படாது. ‘தேர்வு’, ‘சோதனை’ என்ற சொற்களைக் குழந்தையின் காதுபடவோ, வாசலில் நிற்கும் பெற்றோரிடமோ பயன்படுத்த வேண்டாம்.

முதல் வாரத்தில் தாளும் பேனாவும் வெளியே வர வேண்டாம். குழந்தைகள் விளையாடும்போது கேட்டுக்கொண்டிருப்பதே அந்த வாரத்தின் வேலை. இரண்டாம் வாரத்திலிருந்து நாளொன்றுக்கு நான்கு குழந்தைகள், ஒவ்வொருவருடனும் பத்து நிமிடத்துக்கு மேற்படாமல், வகுப்பறையின் ஓரத்தில் அமர்ந்து செய்யலாம். ஒரே வகுப்பில் இருந்தாலும் மூத்த குழந்தைக்கும் இளைய குழந்தைக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், பிறந்த மாதத்தைப் பதிவுத்தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

ஆசிரியர் சொல்ல வேண்டியவை இங்கே வேண்டுமென்றே பேச்சு நடையில் தரப்பட்டுள்ளன. ஐந்து வயதுக் குழந்தை அறிந்த தமிழ் பேச்சுத் தமிழே. ‘இதனை எண்ணிக் கூறுக’ என்று கேட்டால், நாம் அறியப்போவது அதன் எண்ணறிவை அல்ல, எழுத்து நடை அதற்குப் பழக்கமா என்பதைத்தான்.

பேச்சு

முதல் செயல்பாடு படம் பார்த்துப் பேசுதல். ஆட்களும் விலங்குகளும் பலவிதமாக இயங்கும் ஒரு பெரிய படத்தை நடுவில் வையுங்கள். “இதுல என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்றியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் கடினமானது, மூன்றாம் நொடியிலேயே “இது என்ன? நாயா?” என்று கேட்டுவிடுவது நம் எல்லோருடைய வழக்கம், அப்படிக் கேட்டதும் குழந்தையின் பேச்சு “ஆமா” என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும். குழந்தை சொன்னவற்றில் மிக நீளமான ஒரு வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். ‘நாய், பந்து, மரம்’ என்று பெயர்களை அடுக்குவது ஒரு நிலை. ‘நாய் ஓடுது’ என்பது அடுத்தது. ‘பந்து தண்ணியில விழுந்துடுச்சு, அதனால அவன் அழறான்’ என்று காரணத்தோடு இணைப்பது அதற்கும் அடுத்தது. உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். ழகரம் இன்னும் வராத குழந்தை சிக்கலான வாக்கியங்களை எளிதாகக் கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இரண்டாவது, கதையைத் திருப்பிச் சொல்லுதல். கீழுள்ள கதையை நான்கு படங்களைக் காட்டியபடி ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்.

“ஒரு குட்டி எலிக்கு ஒரு பெரிய சிவப்புக் குடை கிடைச்சுது. அன்னைக்கு மழை கொட்டுச்சு. எலி குடையை விரிச்சுது, காத்து குடையைத் தூக்கிட்டுப் போய் ஆத்துல போட்டுடுச்சு. எலி அழுதுது. அப்போ அந்தப் பக்கமா வந்த ஆமை, ‘குடையைத் தலைகீழாத் திருப்பு, படகாயிடும்’னு சொல்லுச்சு. ரெண்டும் அதுல ஏறி அக்கரைக்குப் போச்சு.”

பிறகு படங்களைக் கலைத்துக் கொடுத்து, “இப்ப நீ எனக்கு இந்தக் கதையைச் சொல்லு” என்று கேளுங்கள். படங்களைச் சரியான வரிசையில் வைக்கிறதா, ‘அப்புறம்’, ‘அதனால’, ‘ஆனா’ போன்ற இணைப்புச் சொற்கள் வருகின்றனவா, எலி அழுததற்கான காரணத்தைக் கேட்டால் சொல்கிறதா என்பவற்றைக் குறியுங்கள். குடை எப்படிப் படகாகும் என்று எதிர்க்கேள்வி கேட்கும் குழந்தை இருந்தால் அந்தக் கேள்வியையும் எழுதுங்கள். வேறு எந்தப் பதிவையும் விட அது அதிகம் சொல்லும்.

மூன்றாவது மிகச் சிறியது: சொன்னதைச் செய்தல். “பொம்மையை நாற்காலிக்குக் கீழ வெச்சுட்டு, கதவைத் தட்டிட்டு வா.” கையசைவோ பார்வையோ துணை செய்யாதவாறு சொல்லுங்கள். முகம் பார்க்கும்போது புரிந்துகொண்டு, பின்னாலிருந்து அழைத்தால் தொடர்ந்து திரும்பாமலிருக்கும் குழந்தையின் பெற்றோரிடம் அன்றே பேசி, செவித்திறனைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை வகுப்பில் சில வாரங்கள் மௌனமாக இருப்பது இயல்பு. அத்தகைய குழந்தைக்கு ‘பேசவில்லை’ என்று எழுதாமல், சைகையாலும் முகக்குறிப்பாலும் எதைத் தெரிவித்தது என்று எழுதுங்கள். வீட்டுமொழியில் கதை சொல்லும்போது கேட்டுச் சொல்லப் பெற்றோரையும் அழைக்கலாம்.

எழுத்து

ஒரு கதைப் புத்தகத்தைத் தலைகீழாகவும் பின்னட்டை மேலாகவும் குழந்தையின் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். “எனக்குப் படிச்சுக் காட்டு” என்றதும் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கிறதா, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, விரல் படத்தில் நிற்கிறதா எழுத்தில் நிற்கிறதா, இடமிருந்து வலம் நகர்கிறதா என்று பாருங்கள். ஓரெழுத்தும் தெரியாத குழந்தை, மனப்பாடமான கதையை விரலை ஓட்டியபடி ‘வாசிப்பது’ பெரிய அறிவு: எழுத்து பேச்சைச் சுமக்கிறது என்பது அதற்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து பெயர் அட்டைகள். குழந்தையின் பெயரோடு வேறு நான்கு பெயர்களைச் சேர்த்து மேசையில் பரப்புங்கள். அவற்றில் ஒன்று அதே முதலெழுத்தில் தொடங்கட்டும். மலர் என்ற குழந்தை ‘மணி’ அட்டையை எடுத்தால், அது முதலெழுத்தை மட்டும் அடையாளமாகக் கொண்டிருக்கிறது என்று பொருள். அதைத் தவறாகக் குறிக்காமல், எந்த அட்டையை எடுத்தது என்று எழுதுங்கள். பின்னர் அகர வரிசை ஒப்பிக்கச் சொல்லாமல், எழுத்து அட்டைகளைக் கலைத்துப் பரப்பி, “உனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எடுத்துக்கோ” என்று சொல்லுங்கள். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 என்று முழுவதையும் பரப்பினால் குழந்தை மலைத்துவிடும். அ, ஆ, இ, உ, க, ப, ம, வ, ய, ட ஆகிய பத்தும், குழந்தையின் பெயரிலுள்ள எழுத்துகளும் போதும். பாட்டாக ‘அ, ஆ, இ, ஈ’ சொல்லும் குழந்தை தனியாக நிற்கும் ‘இ’யை அறியாமலிருக்கலாம், ப, ம, ய, வ ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்வது வடிவ ஒற்றுமையால் வருவது. எந்த எழுத்துக்கு எதைச் சொன்னது என்பதை இணையாக எழுதுங்கள்.

ஒலி விளையாட்டுக்குப் படங்களே போதும், எழுத்து வேண்டாம். ‘கப்பல்’ என்று சொல்லிக் கைதட்டச் சொல்லுங்கள். பேச்சொலியைக் கேட்டுத் தட்டும் குழந்தை ‘கப்-பல்’ என்று இருமுறை தட்டும். ‘க-ப்-ப-ல்’ என்று நான்கு முறை தட்டும் குழந்தை தவறு செய்யவில்லை. அதற்கு அந்தச் சொல் எழுத்தில் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை ‘சரி, தவறு’ என்ற பத்தியில் அடைத்துவிட்டால், எழுதப் படிக்கத் தொடங்கிவிட்ட குழந்தையைத் தவறு செய்ததாகப் பதிந்துவிடுவோம். தொடர்ந்து, பட்டம், பந்து, மரம் ஆகிய படங்களைக் காட்டி, “இதுல எந்த ரெண்டு ஒரே மாதிரி ஆரம்பிக்குது?” என்று கேளுங்கள்.

இறுதியாக ஒரு தாளில் தன்னை வரைந்து பெயர் எழுதச் சொல்லுங்கள். கிறுக்கல், எழுத்தைப் போன்ற வடிவங்கள், சில எழுத்துகள், முழுப்பெயர் எதுவானாலும் தாளைத் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். பெயரில் ‘கே’ போன்ற எழுத்துள்ள குழந்தை கொம்பை எந்தப் பக்கம் இடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிர், எழுதும்போது முன்னால் வருவது பெரியவர்களுக்குப் பழகிப்போன விந்தை. குழந்தைக்கு அது நியாயமான குழப்பம்.

எண்

“எவ்வளவு தூரம் எண்ணுவே, எண்ணிக் காட்டு” என்பதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதில் தெரிவது சொல்வரிசை மட்டுமே. நின்ற எண்ணையும், தாண்டிய எண்களையும் குறியுங்கள். ‘இருபத்தொன்பது’க்குப் பிறகு ‘இருபத்திப்பத்து’ என்று சொல்லும் குழந்தை எண்பெயர்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைத் தானே கண்டுபிடித்திருக்கிறது.

உண்மையான எண்ணறிவு பொத்தான்களில் வெளிப்படும். எட்டுப் பொத்தான்களை ஒழுங்கின்றிச் சிதறவிட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எண் சொல்கிறதா, எண்ணியதை நகர்த்தி வைக்கிறதா என்று பார்த்த பின், கையால் மூடிக்கொண்டு, “மொத்தம் எத்தனை இருந்துச்சு?” என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தம் என்று அறிந்த குழந்தை உடனே ‘எட்டு’ என்னும். அறியாத குழந்தை கையை விலக்கி மீண்டும் முதலிலிருந்து எண்ண முயலும். அடுத்து, “எனக்கு ஏழு குடு” என்று கேளுங்கள். எண்ணிக் காட்டுவதை விட எண்ணி எடுப்பது கடினம். எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பதை எடுத்து முடிக்கும் வரை மனத்தில் வைத்திருக்க வேண்டும். ஏழு வராவிட்டால் ஐந்தும், பிறகு மூன்றும் கேளுங்கள்.

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து புள்ளிகள் கொண்ட அட்டைகளை இரண்டு நொடி காட்டி மறைத்தால், எண்ணாமலே எவ்வளவு வரை அறிகிறது என்பது தெரியும். டப்பாவுக்குள் மூன்று பொத்தான்களைப் போட்டு, குழந்தை பார்க்க இன்னொன்றைப் போட்டு, “இப்ப உள்ள எத்தனை?” என்று கேட்பது கூட்டலுக்கான முதல் அறிகுறியைக் காட்டும். ஐந்தைந்து பொத்தான்களாக இரண்டு வரிசை வைத்து, ஒன்றை மட்டும் அகல விரித்ததும் ‘இதுதான் நிறைய’ என்று குழந்தை சொன்னால் கவலைப்பட வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் அப்படித்தான் சொல்லும். எண்ணுருக்களில் 1 முதல் 10 வரை கலைத்துக் காட்டினால் போதும். தானாக எழுத முன்வரும் குழந்தை பதினாறை ‘106’ என்று எழுதினால், பத்தையும் ஆறையும் அது கேட்டிருக்கிறது என்று குறிப்பிடுங்கள்.

பதிவு

ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ‘தானாக’, ‘உதவியுடன்’, ‘இன்னும் இல்லை’ என்ற மூன்றில் ஒன்றையும், அதன் அருகே குழந்தை செய்ததை ஒரு வரியிலும் எழுத வேண்டும். ஒரு மாதிரி:

‘எட்டாம் நாள், காலை. இருபது வரை தடையின்றிச் சொன்னாள். பொத்தான் எட்டையும் தொட்டு எண்ணினாள். மொத்தம் கேட்டதும் மறுபடி எண்ண முயன்றாள். “ஏழு குடு” என்றதும் கைநிறைய அள்ளித் தந்தாள். மூன்று கேட்டபோது சரியாகத் தந்தாள்.’

இருபது வரை சொல்கிறாள் என்ற வரி மட்டும் இருந்திருந்தால், அவளைக் கூட்டல் குழுவில் அமர்த்தியிருப்போம். இப்போது அவளுடைய தொடக்கம் நான்கும் ஐந்துமாகப் பொருள்களை எண்ணி எடுத்துவரும் விளையாட்டுகள் என்பது தெளிவாகிறது.

குழந்தை சோர்ந்தாலோ எழுந்து போனாலோ அத்துடன் நிறுத்திவிட்டு வேறொரு நாள் தொடருங்கள். செயல்பாட்டின் நடுவே கற்பிக்கவோ விடையை ஊட்டவோ வேண்டாம். “சொன்னதுக்கு நன்றி, அடுத்தது பார்ப்போமா” என்பதே எல்லா விடைகளுக்கும் நம் மறுமொழி. மூன்றாம் வார வெள்ளிக்கிழமை மாலை மூவரும் பதிவுத்தாள்களுடன் அமர்ந்து முதல் குழுக்களை அமைப்போம். படப்பேச்சு, பெயர் எழுதுதல், பொத்தான் எண்ணுதல் ஆகிய மூன்றை மட்டும் பத்தாம் வாரத்தில் அதே படத்தையும் அதே பொத்தான்களையும் கொண்டு மீண்டும் செய்து, அந்தத் தாளை முதல் தாளின் பின்னால் இணைக்க வேண்டும்.