கரடான சாய்தளத்தில் ஒரு மூட்டை: விசைப்படமும் கணிப்பும்

உயர்தரம், இணைந்த கணிதம் – நிலையியல் குறிப்பு

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை. லொறித் தட்டு நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. 2 மீற்றர் பலகையைச் சாய்த்து, அதன்மேல் 50 கி.கி. நெல் மூட்டையை வைத்திருக்கிறார்கள். sinθ = 0.6, cosθ = 0.8. நிலையியல் உராய்வுக் குணகம் 0.5, இயக்கவியல் உராய்வுக் குணகம் 0.4, g = 10 m s⁻² என்க.

பலகையை அழித்துவிட்டு மூட்டையை மட்டும் வரையுங்கள். சாய்வைப் படத்தில் 20° அளவில் வரைவது நல்லது. 45° போல வரைந்தால் sin எது, cos எது என்று கண் ஏமாறும். பிறகு மூட்டையை எவை தொடுகின்றன என்று பாருங்கள். பலகை தருவது இரண்டு: தளத்துக்குச் செங்குத்தாகச் செவ்வன் மறுதாக்கம் R, தளத்தின் வழியே உராய்வு F. தொடாமல் தாக்குவது நிறை மட்டுமே. 500 N, நேரே கீழ்நோக்கி. R-ஐ நேர்மேலே வரைவதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை.

நிறையின் கூறுகளைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள். நிறையையும் கூறுகளையும் முழுக்கோட்டில் சேர்த்துப் போட்டால் அதே விசையை இருமுறை எண்ணிவிடுவீர்கள். ma ஒரு விசையல்ல. அது விசைப்படத்தில் வராது.

தளத்துக்குச் செங்குத்தாக: R = 500 × 0.8 = 400 N
தளத்தின் வழியே கீழ்நோக்கி நிறையின் கூறு: 500 × 0.6 = 300 N
எல்லை உராய்வு: 0.5 × 400 = 200 N

300 > 200. ஆகவே கையை விட்டால் மூட்டை சறுக்கும். சறுக்கும்போது F = 0.4 × 400 = 160 N; ஆர்முடுகல் (300 − 160)/50 = 2.8 m s⁻².

இப்போது தளத்துக்குச் சமாந்தரமாக P விசையால் மேல்நோக்கித் தள்ளுகிறார் ஒருவர். பலரும் யோசிக்காமல் F = μR என்று எழுதிவிடுகிறார்கள். μR என்பது எல்லை மட்டும். மூட்டை ஓய்வில் இருக்கும்போது F-ஐச் சமநிலையே தீர்மானிக்கும்:

P = 100 N: F = 200 N, மேல்நோக்கி. சறுக்கும் தறுவாய்.
P = 300 N: F = 0. அம்புக்குறியே வேண்டாம்.
P = 350 N: F = 50 N, கீழ்நோக்கி.
P = 500 N: F = 200 N, கீழ்நோக்கி. மேலேறும் தறுவாய்.

ஒரே மூட்டை, ஒரே பலகை. P மாற, F-இன் பருமனும் திசையும் மாறிவிட்டன. உராய்வு இல்லாவிட்டால் எந்தப் பக்கம் நகரும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கு எதிராக அம்பு போடுங்கள். திசை தெரியாவிட்டால் ஒன்றை எடுத்துக்கொண்டு கணியுங்கள். F மறைப்பெறுமானமாக வந்தால் எதிர்த்திசை.

கிடையாக Q விசையால் தள்ளினால் R-உம் மாறும். இதைக் கவனிக்காமல் 400-ஐயே வைத்துக் கணித்துப் புள்ளி இழப்பவர்கள் ஏராளம். Q-இன் 0.6 பங்கு மூட்டையைப் பலகையில் அழுத்துகிறது: R = 400 + 0.6Q. மேலேறும் தறுவாயில்,

0.8Q = 300 + 0.5(400 + 0.6Q)
0.5Q = 500
Q = 1000 N

பலகையின் வழியே தள்ளியபோது 500 N போதுமாயிருந்தது.