வீணை, எட்டாவது மாதம்: முதல் சரளி வரிசை, இரண்டு காலம்

நேற்று ராத்திரி போட்ட அதே வீடியோதான். கேப்ஷனை மட்டும் மாற்றியிருக்கிறேன். "சும்மா ட்ரை பண்ணினேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று போட்டிருந்தேன். காலையில் பார்த்தால் நாலு பேர், "அய்யோ, நல்லாத்தானே இருக்குக்கா!" என்று ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அன்பாகச் சொன்னார்கள். ஆனால் அதைச் சொல்லவைத்தது என் வரிதான். அது உண்மையும் இல்லை. எட்டு மாதமாகக் காலை ஐந்தரைக்கு எழுந்து உட்கார்ந்து பழகியதைச் சும்மா என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாயாமாளவகௌளை, ஆதி தாளம். முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலம் இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் இதில் இல்லை.

22ஆவது விநாடியில் காந்தாரம் மங்கிக் கேட்கும். சாரணித் தந்தியில் ரிஷபம் முதல் மெட்டு, காந்தாரம் நாலாவது மெட்டு. நடுவில் இரண்டு மெட்டைத் தாண்டி விரல் போய் உட்கார வேண்டும். மெதுவாக வாசிக்கும்போது கண் பார்த்துக்கொள்கிறது. வேகம் கூடினால் விரல் ஒரு நூல் பின்னாலேயே நின்றுவிடுகிறது, தந்தி சரியாக அமுங்காமல் நாதம் செத்துப்போகிறது. இறங்கும்போது நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கும் இதே அளவு தாண்டல்தான். அது போன மாதம் வரை தடுக்கியது, இப்போது சுத்தமாக விழுகிறது. 30ஆவது விநாடியில் கேட்கலாம்.

டீச்சர் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு "ரி க, ரி க" மட்டும் தினம் நூறு தடவை வாசிக்கிறேன். வகுப்புக்கு மேல அனுமந்தராயன் தெரு வழியாக நடந்து போவேன். எம்.எஸ். அம்மாவும் அவருடைய தாயார் வீணை சண்முகவடிவும் இருந்த தெரு. அங்கே போகும்போதெல்லாம் என் விரல்கள் கைப்பை வாரில் அந்த இரண்டு ஸ்வரத்தையும் அழுத்திக்கொண்டே வரும்.

ஆரம்பத்தில் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அப்படி எரியும். தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டுதான் வாசிப்பேன். இப்போது நுனி காய்த்துவிட்டது. காபி டம்ளரைப் பிடித்தால் அந்த இரண்டு விரலில் மட்டும் சூடு தாமதமாகத்தான் தெரிகிறது.

இது ஆறாவது தடவை எடுத்தது. வெட்டவில்லை, ஒட்டவில்லை. கடைசியில் கேட்பது எங்கள் வீட்டுக் குக்கர் விசில்.

வீணை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: ரி–க தாண்டலில் கை முழுவதையும் நகர்த்துவீர்களா, விரலை மட்டும் நீட்டுவீர்களா? எனக்கு இரண்டும் கலந்து வருகிறது, அங்கேதான் பிசகுகிறது என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் இதே வரிசையை மூன்று காலத்திலும் எடுத்துப் போடுகிறேன்.

#வீணை #சரளிவரிசை #சாதகம் #மதுரை